சிவப்புச் செருப்புப் போட்ட எருமை

அந்த வேலையை நானாகத் தேடிப் போகவில்லை. எழுபதுகளில் மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் புத்தகம் போடும் டெல்லி நிறுவனம் ஒன்று, தமிழில் பெயர்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியைக்கு எழுதிக் கேட்டிருந்தது. அவர் என்னைக் கேட்காமலேயே என் பெயரை எழுதிப் போட்டுவிட்டார். பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஒல்லியாக, வண்ண வண்ணமாக ஒரு இங்கிலீஷ் விடுகதைப் புத்தகம். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்துச் சரி என்று பதில் எழுதினேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் பிறவிக் குணம்.

புத்தகத்தின் அமைப்பு இதுதான். ஒரு பக்கத்தில் விடுகதை. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் விடையின் படம், அதற்குக் கீழே விடை. எல்லா மொழிக்கும் படம் ஒன்றே. படங்களை மட்டும் மொத்தமாக ஒரே இடத்தில் வண்ணத்தில் அடித்து, எழுத்து வரவேண்டிய இடத்தை வெள்ளையாக விட்டு, அந்தத் தாள்களை ஒவ்வொரு மொழிக்கும் பிரித்து அனுப்பிவிடுவார்கள். அந்தந்த ஊர் அச்சகம் கறுப்பு மையில் எழுத்தை மட்டும் அடித்துத் தைக்கவேண்டும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் மொழிபெயர்க்கிறவளின் கையைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு. ஊசி என்று டெல்லி தீர்மானித்துவிட்டால், தாளைத் திருப்பும் தமிழ்க் குழந்தையும் ஊசியைத்தான் பார்க்கவேண்டும்.

தமிழுக்கான தாள்கள் லாரியில் கூத்தாநல்லூர் பாய் அச்சகத்துக்கு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. பாய்க்கு அண்ணன் தம்பிகள் எல்லாரும் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் ஊரில் தங்கி, காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் மிஷினும் நாலைந்து பெட்டி ஈய எழுத்துமாக அச்சகம் நடத்தினார். சுற்றுவட்டாரத்தில் நிலத் தகராறும் கூலித் தகராறும் கொதித்துக்கொண்டிருந்த காலம். காலையில் மிராசுதார் சங்கம் ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும். சாயந்தரம் அதற்குப் பதிலாக விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு நோட்டீஸ் கொடுக்கும். இரண்டும் பாய் அச்சகத்தில்தான், ஒரே கல்மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் அச்சுக் கோத்துக் கிடக்கும். முதலில் வந்ததை முதலில் அடிப்பார். அதில் அவர் வைத்திருந்த நியாயத்தை இரண்டு பக்கமும் மதித்தது.

நான் முதல் தடவை போனபோது பாய் அந்த வண்ணத் தாள்களை ஒரு வேட்டியால் மூடி வைத்திருந்தார். மேலே உள்ளதை எடுத்து, நுனியை மட்டும் பிடித்து, எனக்குக் காட்டினார்.

"டீச்சர், இத்தனை வருஷமா அடிக்கிறேன். நான் அடிச்சுக் குடுத்ததைப் படிச்சுட்டு எல்லாரும் கோபப்பட்டுத்தான் பாத்திருக்கேன். ராத்திரியோட ராத்திரியா செவத்துல கிழிச்சுப் போட்டுருவாங்க. ஒருத்தனாவது படிச்சுட்டுச் சிரிக்கணும். அந்த மாதிரி ஒண்ணு என் பிரஸ்ல அடிக்கணும்னு ஆசை."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு இளகிவிட்டது. இளகின மனசோடு, படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன்.

அடுத்தவர் பேராசிரியர். கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்று, மன்னார்குடிக் குளக்கரையில் குடியிருந்தார். பாமணி ஆற்றுப் பக்கம் கொஞ்சம் நிலமும் உண்டு. என் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிற பொறுப்பை டெல்லி அவரிடம் கொடுத்திருந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் பாய் ஒரு வரிகூட அடிக்க முடியாது. நல்ல மனிதர்தான், ஆனால் மூலம் என்று சொல்லும்போது கோயில் மூலவரைச் சொல்வதுபோல் குரலை இறக்கிக்கொள்வார்.

விடுகதையில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பொருளைப் பார்த்துப் போடுவது. கதவில்லாத வெள்ளை வீடு, உள்ளே தங்கம் என்றால் எந்த ஊரிலும் முட்டைதான். அதைப் பெயர்ப்பதில் வம்பே இல்லை. இன்னொன்று, அந்த மொழியின் சொல்லைப் பிடித்துப் போடுவது. அங்கேதான் நமக்கு முழி பிதுங்கும். ஊசிக்கு இங்கிலீஷில் கண். ஆகவே அவர்கள் விடுகதை, கண் உண்டு பார்க்காது என்கிறது. நம் ஊரில் ஊசிக்குக் கண் கிடையாது, காதுதான். நான் யோசிக்கவே இல்லை, காது உண்டு கேட்காது என்று எழுதிவிட்டேன். கடிகாரத்துக்கு அவர்கள் ஊரில் கை. கை உண்டு தட்டாது என்கிறார்கள். நமக்கு அது முள். முள் உண்டு குத்தாது என்று எழுதினேன். பியானோவில் இருப்பது அவர்களுக்குச் சாவி, பூட்டைத் திறக்காத சாவி. நம் பாட்டு வாத்தியார்கள் அதைக் கட்டை என்பார்கள். கட்டை நிறைய உண்டு, அடுப்பு எரிக்க ஆகாது என்று எழுதியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பேராசிரியர் மூன்றையும் சிவப்பு மையில் அடித்திருந்தார். காதை அடித்துக் கண், முள்ளை அடித்துக் கை, கட்டையை அடித்துச் சாவி. ஓரத்தில், "மூலத்தில் இல்லை" என்று பொடி எழுத்தில்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஊசிக்குக் காது என்பது தனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்றால் ஏன் அடித்தீர்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்ன காரணத்தை லேசாக ஒதுக்க முடியவில்லை. ஆங்கிலேயக் குழந்தை ஊசியை எப்படிப் பார்க்கிறது என்று தமிழ்க் குழந்தைக்குத் தெரியவேண்டாமா, எல்லாவற்றையும் நம் வீட்டுச் சாமானாக மாற்றிவிட்டால் எதற்கு மொழிபெயர்ப்பு, நாமே எழுதிக்கொள்ளலாமே என்றார். வேண்டுமானால் அடிக்குறிப்புப் போடுங்கள், ஆங்கிலத்தில் ஊசியின் துளையைக் கண் என்பர் என்று, என்றும் சொன்னார். விடுகதைக்கு அடிக்குறிப்புப் போடுவது, கிச்சுகிச்சு மூட்டிவிட்டு ஏன் சிரிக்கவேண்டும் என்று விளக்குகிற மாதிரி என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

சண்டையை வளர்ப்பதற்குப் பதில் ஒரு சோதனை வைத்துக்கொள்வோம் என்றேன். என் ஆறாம் வகுப்புக்கு அவரையே அழைத்துப் போனேன். அவருடைய கண் உண்டு பார்க்காது என்பதை முதலில் அவரே சொன்னார். பிள்ளைகள் தேங்காய் என்றார்கள், மயில் இறகு என்றார்கள், நுங்கு என்றார்கள். மூன்றுமே நியாயமான விடை. ஊசி என்று அவர் சொன்னதும் வகுப்பு சும்மா இருந்தது, ஒரு பெண் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினாள். அப்புறம் நான் காது உண்டு கேட்காது என்றேன். கொஞ்சம் முணுமுணுப்பு. தையல் வகுப்பில் நன்றாகத் தைக்கிற பெண் எழுந்து ஊசி என்றாள். வகுப்பு முழுக்க, அட ஆமாம் என்று ஒரு சத்தம் எழுந்தது. விடுகதைக்குக் கூலி அந்தச் சத்தம்தான். பேராசிரியரும் அதைக் கேட்டார்.

ஆனாலும் அவரை மடக்கியது நான் இல்லை, செய்தித்தாள்தான். ஒலியை வைத்துப் போட்ட விடுகதை அது. இங்கிலீஷில் சிவப்பு என்பதும் படித்தாகிவிட்டது என்பதும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், உடம்பெல்லாம் ரெட், அது என்ன என்றால் செய்தித்தாள். எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும், வாயால் சொன்னால்தான் ஏமாற்றும். பேராசிரியர் அதை நேராகப் பெயர்த்து, கறுப்பும் வெள்ளையும், உடம்பெல்லாம் சிவப்பு என்று வகுப்பில் சொன்னார். விடை செய்தித்தாள் என்றதும் பின்வரிசைப் பெண் ஒருத்தி, சிவப்புக்கொடிக் கட்சிப் பேப்பருங்களா சார் என்று கேட்டாள். பாதி வகுப்பு ஆமாம் ஆமாம் என்றது. அந்தப் போகத்தில் அவர் வயலிலும் கூலி கேட்டுச் சிவப்புக்கொடி நட்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை.

வெளியே வந்ததும் அவரே சொன்னார், இதை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று. காலையில் எல்லாரும் கையில் ஏந்துவார்கள், சாயங்காலம் கடலைக்குச் சட்டையாவான் என்று மாற்றினேன். ஒலி விளையாட்டு போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். வருத்தம் நியாயமானது, எனக்கும் இருந்தது. காதை ஏமாற்றுகிற ஒன்றைக் கொடுக்கமுடியாமல் கண்ணுக்குத் தெரிவதைக் கொடுத்துச் சமாளித்திருந்தேன். ஆனால் படம் அதே செய்தித்தாள், குழந்தை யோசிக்கும், சிரிக்கும். அதற்குப் பிறகு ஊசிக்கும் கடிகாரத்துக்கும் பியானோவுக்கும் அவரே சிவப்பு மையை விலக்கிக்கொண்டார். படம் மாறவில்லை, பொருள் மாறவில்லை, உறுப்பின் பெயர்தான் மாறுகிறது, ஆகவே இதுவும் மொழிபெயர்ப்பே என்று தீர்ப்புச் சொன்னார்.

மிச்சம் ஒரே ஒரு பக்கம். அது எங்கள் எல்லாருக்கும் தண்ணி காட்டியது.

எழுத்துக்கூட்டை வைத்துப் போட்ட விடுகதை அது. மினிட்டில் ஒரு முறை வரும், மொமென்ட்டில் இரண்டு முறை வரும், ஆயிரம் ஆண்டில் ஒரு முறைகூட வராது. விடை, எம் என்ற இங்கிலீஷ் எழுத்து. அந்தச் சொற்களை அவர்கள் எழுதும் விதத்தில் எம் அத்தனை தடவைதான் வரும். தமிழில் நிமிடத்தில் ஒரு முறை, கணத்தில் இரண்டு முறை என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி எழுந்து, கணத்துக்கு ரெண்டுன்னா நிமிஷத்துக்கு எத்தனையோ வரணுமே டீச்சர், ஒண்ணுதான் வரும்னா தப்பில்லையா என்றாள். தப்புதான் உட்கார் என்றேன்.

தமிழ் எழுத்து ஒன்றை அதே வித்தை காட்டவைக்க முடியுமா என்று முயன்றேன். மகரமெய் தோதாகத் தெரிந்தது. நிமிடம், வாரம், மாதம், வருடம் எல்லாவற்றின் வாலிலும் அது இருக்கிறது. ஆனால் நிமிடத்தில் என்று சொன்ன மாத்திரத்தில் அது கழன்று ஓடிவிடுகிறது. எதில் இருக்கிறது என்று கேட்கிறோமோ அதில் இல்லாமல் போகிற எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படியே வேறெதையாவது கட்டினாலும் படம் விடாது. தாளைத் திருப்பினால் பச்சைப் புல்வெளியில் மஞ்சள் நிறத்தில் ஒரு எம், கண்ணும் வாயும் வைத்து, சிரித்துக்கொண்டு, சிவப்புச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து போகிறது.

இந்தப் பக்கத்துக்கு அடிக்குறிப்பைத் தவிர வழியில்லை என்றார் பேராசிரியர். அவர் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். விடுகதையை அப்படியே எழுதி, இது ஆங்கிலச் சொற்களின் எழுத்தைப் பற்றியது என்று கீழே நாலு வரி. அந்த நாலு வரியை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. விடை தெரிந்தும் சிரிப்பு வராத பக்கம் ஒன்று என் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன்.

சனிக்கிழமை கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாயிடம் புலம்பினேன். படத்தை மாற்ற நம்மால் முடியாது, நம்மிடம் கறுப்பு மை மட்டும்தான் இருக்கிறது என்றேன். பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கறுப்பு எதையும் மூடும் டீச்சர், ரெண்டு தடவை அடிச்சா மஞ்சள் இருந்த இடம் தெரியாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எம்மின்மேல் கறுப்பாக எதையாவது அடித்து மூடிவிட்டால், அந்த எதையாவதையே விடையாக்கிவிடலாமே.

நோட்டீஸில் போடும் படங்களுக்காக மரக்கட்டையில் அறைந்த உலோக பிளாக்குகள் அவரிடம் ஒரு இழுப்பறை நிறைய இருந்தன. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். சூரியன் நன்றாக அகலமாக இருந்தது, ஆனால் அது கட்சிச் சின்னம். பசுவும் கன்றும், அதுவும் சின்னம். இலை, கதிர், அரிவாள் எல்லாமே யாராவது ஒருவர் ஓட்டுக் கேட்டு முடித்தது. குழந்தைப் புத்தகத்தில் எதைப் போட்டாலும் மறுநாள் இன்னொரு கட்சிக்காரர் வந்து நிற்பார். பிறை இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, இரண்டும் எம்மை மூடுமளவு பெரிதில்லை. அடியில் மாட்டுச்சந்தை நோட்டீஸுக்குச் செய்த எருமை ஒன்று கிடந்தது. முழுக் கறுப்பு, நல்ல அகலம், எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை.

வெண்ணெய்த்தாளை வைத்து எம்மை அளவெடுத்துப் பிளாக்கின்மேல் வைத்தோம். எருமை எம்மை முழுசாக விழுங்கிக்கொண்டது.

இனி விடையிலிருந்து விடுகதைக்குப் பின்னோக்கி நடக்கவேண்டும். மூலத்தில் பொருளைப் பற்றிப் பேச்சே இல்லை, எழுத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆகவே என்னுடையதும் எழுத்து விடுகதையாகவே இருக்கவேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். கறுப்பு, கொம்பு, சேறு என்று எழுதினால் அது வேறு சாதி, பேராசிரியர் கேட்பதற்கு முன்னால் என் மனசே ஒத்துக்கொள்ளாது. எருமை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் எரு, பின்னால் மை. பஸ் மன்னார்குடி வந்து சேர்வதற்குள் விடுகதை வந்துவிட்டது.

"மூன்று எழுத்து. முதல் இரண்டும் வயலுக்குப் போகும். கடைசி எழுத்து பேனாவுக்குப் போகும். மூன்றும் சேர்ந்தால் குட்டைக்குப் போகும். அது என்ன?"

அதை ஒரு தாளில் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். எம்மைக் கறுப்புப் படம் ஒன்றால் மூடப்போகிறோம், மூலத்தைப்போலவே இதுவும் எழுத்தை வைத்துப் போட்டது என்றும் சொன்னேன். அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். விடை எங்கே என்றார். எங்கள் பக்கத்தில் விடுகதைக்கு ஒரு சட்டம் உண்டு. தெரியாதவர் தோத்துட்டேன் என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னால்தான் போட்டவர் விடையைச் சொல்லுவார். சட்டம் உங்களுக்கும் தெரியுமே சார் என்றேன்.

நாற்பது வருஷம் மாணவர்களைத் தோற்கடித்த வாய் அது. அவ்வளவு லேசில் சொல்லிவிடுமா? யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

யோசித்தார். ஒரு வாரம் போனது. வழியில் பார்த்தால், முதல் இரண்டெழுத்து மடைதானே என்பார். இல்லை சார் என்பேன். இன்னொரு நாள் பேனாவுக்குப் போவது நிப்பு என்றார். ஓரெழுத்து சார் என்றேன். வயலுக்குப் போவதை அவர் உரம் என்றே சொல்லிப் பழகியவர், பேனாவுக்கு ஊற்றுவது அவர் வீட்டில் இங்க். இந்தப் பக்கம் பாய் தவித்துக்கொண்டிருந்தார். மற்ற பக்கங்களை அடித்தாகிவிட்டது, அந்த ஒரு பக்கத்துக்காகத் தைக்கமுடியாமல் கிடக்கிறது. டெல்லியிலிருந்து ஞாபகக் கடிதமும் வந்துவிட்டது. விடையைச் சொல்லிடுங்க டீச்சர், புண்ணியமாப் போகும் என்று ஆள் மேல் ஆள் விட்டார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நானாகச் சொல்லிவிட்டால் அது விடுகதை இல்லை, விண்ணப்பம். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, யோசித்து, நாலு வரி அடிக்குறிப்பைத் திருப்பிக் கொடுப்பார். பயமாக இருந்தது, வீம்பும் இருந்தது. வீம்பு ஜெயித்தது.

அந்த வாரத்தில்தான் அவர் வயலில் அறுவடை நின்றது. கதிர் முற்றிச் சாய்ந்துவிட்டது, கூலி தீராமல் யாரும் அரிவாளை எடுக்கமாட்டேன் என்றுவிட்டார்கள். தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. போய்விட்டு வந்த சாயங்காலம் பேராசிரியர் பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார். என்னமோ நடந்துவிட்டது என்று பயந்துகொண்டே போனேன்.

அவர் சொன்னது இதுதான். தாசில்தார் வரத் தாமதமாகிவிட்டது. புங்கமரத்தடியில் ஒரு பக்கம் மிராசுதார்கள், ஒரு பக்கம் தொழிலாளர்கள், நடுவில் பேச்சே இல்லை. இவருக்கு இருப்புக் கொள்ளாமல், பக்கத்தில் இருந்த மிராசுதாரிடம் மெதுவாக என் விடுகதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது எதிர்ப்பக்கத்துக்கும் கேட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து அம்மாள் ஒருத்தி சிரித்தாளாம். உடனே பக்கத்து மிராசுதாரும் சிரித்தாராம். அப்புறம் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருத்தராகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் மட்டும் நடுவில் முழித்துக்கொண்டு, விடை என்ன என்று கேட்டிருக்கிறார். தோத்துட்டேன்னு சொல்லுங்க, சொல்றோம் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறது.

"இன்னிக்கு ரெண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதும்மா" என்றார். கூலிப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். மறுபடி திங்கட்கிழமை வைத்திருக்கிறார்கள், தீர்ந்துவிடும்போல் தெரிகிறது என்றார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்தார். மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

விடை தெரிந்துவிட்டதா சார் என்றேன். இல்லை என்றார். "அத்தனை பேர் சிரிச்சாங்க. ஒருத்தரும் அடிக்குறிப்புக் கேக்கலை. அது போதும். புத்தகம் வரட்டும், நானே திருப்பிப் பாத்துக்கறேன்."

விடை தெரியாமல் ஒரு பரிசோதகர் கையெழுத்துப் போட்ட கதையை டெல்லிக்கு நான் எழுதவில்லை.

பாய் மறுநாளே விடுகதைப் பக்கத்தை அடித்து உலர்த்திவிட்டார். அதற்கடுத்த நாள் திருப்பிப் போட்டு எருமையை அடிக்கவேண்டும். வண்ணத் தாள் எண்ணி அனுப்பியது, வீணாக்க ஒன்றுகூட இல்லை என்பதால் வெள்ளைத் தாளில்தான் ஒத்திகை பார்த்தார். பிறகு முதல் வண்ணத் தாளை மிஷினில் கொடுத்து, அடித்து, இரண்டாம் தடவையும் அடித்து, எடுத்துப் பார்த்தவர் மிஷினை நிறுத்திவிட்டு, அந்தத் தாளை அட்டையில் வைத்துக்கொண்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. தாளைக் காட்டினார். எருமை கம்பீரமாக நின்றது. மஞ்சள் எம் இருந்த சுவடே இல்லை. ஆனால் வயிற்றுக்குக் கீழே, அதன் நாலு காலுக்கும் நடுவில், இரண்டு சிவப்புச் செருப்புகள் பளிச்சென்று நடந்துகொண்டிருந்தன. நாங்கள் அளவெடுத்தது எழுத்தை. செருப்பை யாரும் அளக்கவில்லை.

"போச்சு டீச்சர். சார் பாத்தா ஒரே வார்த்தையில வேண்டாம்னுருவாரு. நியாயந்தானே. இதை எப்படி அடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். செருப்பையும் மூடக் கீழே ஒரு கறுப்புப் பட்டை அடிக்கலாமா என்றார். அது எருமை சாக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கும் என்றேன். இப்படியே அடிக்கலாம் என்று நான் சொல்லிவிடலாம்தான், ஆனால் கையெழுத்து பேராசிரியருடையது. மறைத்து வைத்துப் புத்தகத்தில் காட்டுவது சரியில்லை. கடைசி மணி அடித்ததும் இரண்டு பேரும் குளக்கரைக்குப் போனோம். போகும் வழியெல்லாம் பாய் அந்த அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.

பேராசிரியர் எங்களை உட்காரச் சொன்னார். பாய் உட்காரவில்லை. என்ன நடந்தது என்று சொல்லாமல், முதல் தாள் சார், நீங்க பாத்துச் சொன்னாத்தான் மீதியை ஓட்டணும் என்று மட்டும் சொல்லி, விடுகதைப் பக்கம் மேலே இருக்கும்படி கையில் கொடுத்தார்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடுகதையை வாய்விட்டு முழுசாகப் படித்தார். தாளின் நுனியைப் பிடித்தவர் திருப்பாமல் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"தோத்துட்டேன்" என்றார்.

திருப்பினார். எருமை என்று உதடு அசைந்தது. எரு என்று ஒரு தரம், மை என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிக்கொண்டார். நெற்றியில் லேசாக அடித்துக்கொண்டார். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. செருப்பைக் கண்டுவிட்டார். பாய் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பேராசிரியர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார். தோள் குலுங்கியது. நான் முதலில் கோபம் என்றுதான் நினைத்தேன். சத்தம் பிறகுதான் வந்தது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, தாளைப் பார்த்து, அவரும் சிரித்தார்.

"ஒண்ணும் மூடவேண்டாம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூலம் எட்டிப் பாக்குது. இருக்கட்டும். இப்படியே ஓட்டுங்க பாய்."

பாய் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்தியில் அவரைக் கூத்தாநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த நெல் மூட்டைக்காரரிடம் என்னமோ கேட்டார். மூன்று விரலைக் காட்டினார். அந்த ஆள் யோசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, தோத்துட்டேன் என்பதுபோல் கையை விரித்தார். பாய் தாளைத் திருப்பிக் காட்டினார். பஸ் கிளம்பிவிட்டது. நான் கூடவே நாலு எட்டு ஓடி, அந்த ஆள் சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். சிரித்தார். பாய் தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.